சந்தி பிரிப்பும் சொல்லடைவும்: ஓலைச்சுவடி முதல் கணினித் தேடல் வரை

1. முன்னுரை

அயல்நாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் கணினிப் பட்டியலில் ‘இலக்கியம்’ என்னும் சொல்லை இட்டுத் தேடும் ஆய்வாளருக்கு, ‘தமிழ் இலக்கியம்’ என்று இடைவெளி விட்டு அச்சிட்ட தலைப்புகள் கிடைக்கும். ‘தமிழிலக்கியம்’ என்று சேர்த்து அச்சிட்டவை கிடைக்கமாட்டா. இரு தலைப்புகளுக்கும் பொருள் ஒன்றே; ஒலியும் ஒன்றே. வேறுபாடு, அச்சிட்டவர் இரு சொற்களைப் புணர்த்தாரா பிரித்தாரா என்பதில் மட்டும் உள்ளது. அந்த வேறுபாடு ஒரு நூலை ஆய்வாளரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

ஒரு நூல் கிடைக்காமற்போவதோடு இது நிற்பதில்லை. ஒரு சொல் இன்ன காலத்து நூல்களில் வழங்கவில்லை என்றும், இன்ன நூற்றாண்டில் அதன் வழக்கு மிகுந்தது என்றும் சொல்லடைவுகளைச் சான்றாகக் கொண்டு ஆய்வுகள் முடிவு கூறுகின்றன. அடைவில் இல்லாத சொல் நூலில் இருக்கக்கூடுமாயின், அத்தகைய முடிவுகளின் அடித்தளமே ஐயத்திற்குரியதாகிறது. புணர்ந்த சொற்களை எல்லையறிந்து பிரித்த பின்னரே அடைவு செய்யவேண்டும் என்ற கருத்து தமிழில் எவ்வாறு உருவாயிற்று, கணினிக் காலத்தில் அது ஏன் மேலும் கடினமாயிற்று, பிரிப்பின் வரம்புகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது.

2. ஓலையில் மறைந்த சொல்லெல்லை

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. எழுத்துகள் தொடர்ந்து செல்லும். புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வரிவடிவில் வேறுபடுத்தப்படுவதில்லை. ஆகவே சுவடியைப் படிப்பவர், எழுத்து மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதைத் தாமே உணர்ந்து, சொல் எங்கே முடிகிறது என்பதையும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பிரித்தல் என்பது அன்று எழுதுவோர் செயலன்று, படிப்போர் செயல்.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் புணரியல் தொடங்கிக் குற்றியலுகரப் புணரியல் முடிய உள்ள ஆறு இயல்கள் புணர்ச்சியையே பேசுகின்றன. நிறுத்த சொல்லும் குறித்து வரும் சொல்லும் கூடுமிடத்தில் இயல்பாக நிற்பனவும், ஓரெழுத்து வேறாகத் திரிவனவும், மிகுவனவும், குன்றுவனவும் அங்கு வகுக்கப்பட்டுள்ளன. பின்னர் வந்த நன்னூல் இத்திரிபுகளைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கிக் கற்பிக்கிறது.

இவ்விலக்கணங்கள் அனைத்தும் செல்லும் திசை ஒன்றே என்பது இங்குக் கருதத்தக்கது. நிலைமொழியும் வருமொழியும் முன்னரே தெரிந்தவை. அவை கூடினால் விளைவது யாது என்பதே கேள்வி. அக்கேள்விக்குப் பெரும்பாலும் விடை ஒன்றே. அடைவு செய்பவருக்கு எழும் கேள்வியோ தலைகீழானது. கூடிய வடிவம் கண்முன் உள்ளது. அது எவற்றின் கூட்டம் என்பது தெரியவேண்டும். இத்திசையில் விடை ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உரையாசிரியர்கள் இதனை அறிந்திருந்தனர். அவர்கள் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’ என்னும் தொடரைச் செம்பொன் பதின்றொடி எனப் பிரித்தால் பத்துத் தொடி நிறையுள்ள பொன். செம்பு ஒன்பதின்றொடி எனப் பிரித்தால் ஒன்பது தொடி நிறையுள்ள செம்பு. எழுத்து வடிவில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. இசையால், அதாவது சொல்லும்போது நிறுத்துமிடத்தால், பொருள் விளங்கும் என்பது இலக்கண மரபின் தீர்வு. அவ்விசை எழுத்தில் பதிவதில்லை. அடைவு செய்பவருக்குக் கிடைப்பது எழுத்து மட்டுமே.

3. அச்சுப் பதிப்புகளில் இடைவெளி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும், தமிழகத்தில் உ. வே. சாமிநாதையரும் சுவடிகளை அச்சேற்றினர். 1887இல் சீவக சிந்தாமணியும் கலித்தொகையும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன. அச்சில் இடைவெளி வந்தது. ஆனால் அவ்விடைவெளி சொல்லெல்லையைக் குறித்தது என்று கொள்ளுதல் பிழையாகும்.

செய்யுளை அச்சிடும்போது இடைவெளி பெரும்பாலும் சீர் எல்லையில் விடப்பட்டது. சீர் என்பது யாப்பின் அலகு. சொல் என்பது பொருளின் அலகு. இரண்டும் ஒத்துச்செல்லும் இடங்கள் பல. ஒவ்வாத இடங்களும் பல. ஒரே சீருக்குள் இரண்டு அல்லது மூன்று சொற்கள் புணர்ந்து நிற்கலாம். ஓசை நோக்கி ஒரே சொல் இரு சீர்களில் பிளவுபட்டு நிற்பதும் உண்டு. யாப்பிலக்கணம் அதனை வகையுளி என்கிறது. முதல்வகையில் தேடப்படும் சொல் வேறொரு சொல்லோடு ஒட்டி மறைகிறது. இரண்டாம் வகையில் அது இரு துண்டுகளாகி மறைகிறது. சீர்பிரித்த பதிப்பை அப்படியே அடைவுக்கு அடிப்படையாகக் கொண்டால், இவ்விரு இழப்பும் ஒருங்கே நேரும்.

உரைநடையிலும் இந்நிலை வேறு வடிவில் இருந்தது. முற்கால உரைநடை சொற்களை நெருக்கமாகப் புணர்த்து எழுதியது. ‘நாடகவரங்கம்’, ‘தமிழகராதி’ போன்ற வடிவங்கள் இயல்பாக வந்தன. இருபதாம் நூற்றாண்டில் எளிமை நாடி, ‘நாடக அரங்கம்’, ‘தமிழ் அகராதி’ எனப் பிரித்தெழுதும் வழக்கம் பரவிற்று. இம்மாற்றம் காலவரிசை ஆய்வுகளில் ஒரு பொய்த்தோற்றத்தை உண்டாக்கவல்லது. இரு நூற்றாண்டுகளின் உரைநடையைச் சேர்த்து வைத்து ‘அரங்கம்’ என்ற சொல்லை எண்ணினால், பிற்காலத்தில் அதன் வழக்கு ஏறியதுபோல் தோன்றும். ஏறியது சொல்வழக்காக இல்லாமல் இடைவெளி விடும் வழக்கமாகவே இருக்கலாம்.

செய்யுள் நூல்களைச் சொல்லெல்லை நோக்கிப் பிரித்து அச்சிடும் முயற்சி, 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகளில் பெருந்திட்டமாக உருப்பெற்றது. பொதுமக்கள் பழம்பாடல்களை எளிதாகப் படிக்கவேண்டும் என்பதே அப்பதிப்புகளின் நோக்கம். அந்நோக்கத்தோடு செய்த பணி, அடைவு செய்வோருக்குப் பெருந்துணையாயிற்று. ஏனெனில் பிரிப்பு என்னும் முதற்படியை ஒரு புலவர் குழு நூல் முழுமைக்கும் செய்து முடித்திருந்தது.

4. சொல்லடைவுகளின் காலம்

1960களில் முழுச் சொல்லடைவுகள் அடுத்தடுத்து வந்தன. 1962இல் திருவனந்தபுரத்தில் வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் செய்த அடைவு வெளியாயிற்று. 1966இல் சென்னைப் பல்கலைக்கழகம் ந. சுப்பிரமணியன் தொகுத்த பல்லவர்க்கு முற்பட்ட தமிழ் நூல்களின் அடைவை வெளியிட்டது. 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பண்டைத் தமிழிலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. தாமஸ் லேமானும் தாமஸ் மால்டனும் தொகுத்த சங்க இலக்கியச் சொல்லடைவு 1992இல் ஜெர்மனியில் அச்சாயிற்று. அப்பணியில் கணினி பயன்பட்டது.

அட்டையில் எழுதி அகரநிரலாக அடுக்கும் முறையில் ஒரு கேள்வி தவிர்க்கமுடியாதது: ‘கடற்கரை’ என்ற சொல்லுக்கு எத்தனை அட்டை? ஒன்று எனில், அது ககரத்தில் ‘கடற்கரை’ என்றே நிற்கும். ‘கரை’ என்ற பதிவை நாடுபவர் அதனைக் காணார். ‘கடல்’ என்ற பதிவை நாடுபவரும் காண்பது உறுதியன்று. அகரநிரலில் ‘கடல்’ என்பதற்கும் ‘கடற்கரை’ என்பதற்கும் இடையே லகரத்துக்கும் றகரத்துக்கும் இடைப்பட்ட சொற்கள் பல வந்துவிடும். இரண்டு அட்டை எனில், கடல், கரை என்று இருவேறு இடங்களில் நிற்கும். ஆனால் ‘கடற்கரை’ என்பது தனிப்பொருள் உடைய ஒரு தொகைச்சொல் என்ற செய்தி இழக்கப்படும். மூன்று அட்டை எழுதி ஒன்றையொன்று சுட்டச் செய்தலே நிறைவான வழி. அதற்கு உழைப்பும் தாளும் மும்மடங்கு வேண்டும்.

எந்த அளவுக்குப் பிரிப்பது என்பதில் தொகுப்பாளர்கள் ஒரே முடிவுக்கு வர வேண்டிய கட்டாயமில்லை. உருபையும் சாரியையையும் பிரித்தால் ஓர் எண்ணிக்கை. தொகைகளை மட்டும் பிரித்தால் வேறோர் எண்ணிக்கை. ஆகவே, இரு அடைவுகளின் எண்ணிக்கைகளை அவற்றின் பிரிப்பு முறையை ஒப்பிடாமல் அருகருகே வைத்தல் பயனற்றது.

5. உரோமன் எழுத்துப்பெயர்ப்பும் அயல்நாட்டு நூலகங்களும்

அயல்நாட்டுத் தமிழாய்வில் உரோமன் எழுத்துப்பெயர்ப்பு நெடுநாள் வழக்கமாக இருந்தது. அம்முறையில் உயிருக்கு ஓரெழுத்தும் மெய்க்கு ஓரெழுத்தும் தனித்தனியே வரும். இதனால் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. ‘தமிழிலக்கியம்’ என்பதில் ழகர மெய்யும் இகர உயிரும் இரு தனி எழுத்துகளாக அடுத்தடுத்து நிற்கின்றன. ‘இலக்கியம்’ என்னும் எழுத்துத்தொடர் அதனுள் முழுமையாக அடங்கியிருக்கிறது. தமிழ் வரிவடிவிலோ அவ்விரண்டும் ‘ழி’ என்னும் ஒரே எழுத்தாகிவிட்டன. சொல்லெல்லை அவ்வெழுத்தின் உள்ளே புதைந்துவிட்டது.

எனினும் நூலகப் பட்டியல்களில் இந்நன்மை முழுமையாகப் பயன்படவில்லை. 1962இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் புதுதில்லியில் அலுவலகம் திறந்தபின், தமிழ் நூல்கள் பெருமளவில் அமெரிக்க நூலகங்களுக்குச் சென்றன. அவற்றின் தலைப்புகள் உரோமன் எழுத்தில் பதிவாயின. பட்டியலின் தேடல்பொறி சொல்லின் தொடக்கத்திலிருந்தே ஒப்பிடும். சொல்லின் இறுதியை விட்டுவிட்டுத் தொடக்கத்தை மட்டும் தரும் தேடல் வழக்கமாக இயலும். தொடக்கத்தை விட்டுவிட்டு இறுதியைத் தரும் தேடலைப் பல பட்டியல்கள் ஏற்பதில்லை. ஆகவே தொகைச்சொல்லின் முதற்பகுதி ஓரளவு கிடைக்கும். பிற்பகுதி மறைந்தே இருக்கும். தமிழில் தலைமைப்பொருள் பெரும்பாலும் பிற்பகுதியிலேயே நிற்பதால், மறைவது முதன்மையான பகுதியாக அமைந்துவிடுகிறது.

ஜெர்மன் மொழியிலும் சொற்கள் ஒட்டி நீள்வது உண்டு. ஆனால் அங்கு ஒட்டும் இடத்தில் எழுத்து பெரும்பாலும் மாறுவதில்லை. சிலபோது இணைப்பெழுத்து ஒன்று இடையில் சேரும். எனவே உள்ளடங்கிய எழுத்துத்தொடரைத் தேடினாலே அம்மொழியில் பெரும்பகுதி தீர்வு கிடைத்துவிடும். தமிழில் அது போதாது என்பதை அடுத்த பகுதி காட்டும்.

6. ஒருங்குறியில் நிகழும் மறைவு

1998ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த தமிழர்களின் முன்முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்கள் அதன் வாயிலாக மின்வடிவம் பெற்றன. தட்டச்சு செய்தவர் எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றினாரோ அதன் இடைவெளியே மின்வடிவத்திலும் வந்தது. பின்னர் இவை ஒருங்குறிக்கு மாறின. ஒருங்குறியில் ஒரு சொல் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதைக் கண்டால் மறைவின் காரணம் தெளிவாகும்.

```
தமிழ்          U+0BA4 U+0BAE U+0BBF U+0BB4 U+0BCD
இலக்கியம்      U+0B87 U+0BB2 U+0B95 U+0BCD U+0B95 U+0BBF U+0BAF U+0BAE U+0BCD
தமிழிலக்கியம்   U+0BA4 U+0BAE U+0BBF U+0BB4 U+0BBF U+0BB2 U+0B95 U+0BCD U+0B95 U+0BBF U+0BAF U+0BAE U+0BCD
```

தனிநிலையில் ‘தமிழ்’ என்பதன் இறுதியில் புள்ளி இருக்கிறது (U+0BCD). புணர்ந்தபின் அப்புள்ளி இல்லை. தனிநிலையில் ‘இலக்கியம்’ தனி உயிரெழுத்தில் தொடங்குகிறது (U+0B87). புணர்ந்தபின் அது உயிர்மெய்க் குறியாக (U+0BBF) மாறிவிட்டது. கணினிக்கு இவ்விரண்டும் தொடர்பற்ற எண்கள். ஆகவே முழுச்சொல் தேடல் மட்டுமன்றி, எழுத்துத்தொடர் எங்கிருந்தாலும் காட்டும் தேடலும் தோற்கிறது. ‘தமிழ்’ என்று தேடினாலும் கிடைக்காது. ‘இலக்கியம்’ என்று தேடினாலும் கிடைக்காது. இரு சொற்களும் கண்ணெதிரே நிற்க, இரண்டும் இல்லை என்று விடை வருகிறது.

வருமொழி அகரத்தில் தொடங்கினால் நிலை இன்னும் நுட்பமானது. அகரத்திற்கு உயிர்மெய்க் குறி இல்லை. ‘தமிழ்’, ‘அகராதி’ இரண்டும் ‘தமிழகராதி’ ஆகும்போது புள்ளியும் மறைகிறது. அகரமும் சுவடின்றி மறைகிறது. மேலும், ‘தமிழகம்’ பற்றிய நூல்களை நாடி ‘தமிழக’ என்னும் தொடக்கத்தைத் தேடுபவருக்குத் ‘தமிழகராதி’ தவறாக வந்து சேர்கிறது. ஒரே எல்லை ஒருபுறம் உண்மைப் பொருத்தத்தை மறைத்து, மறுபுறம் பொய்ப் பொருத்தத்தைத் தருகிறது.

இதற்கு மாறான பிழையும் உண்டு. சில நிரல்கள் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கருதாமல், அவ்விடத்தில் சொல் முடிந்ததாகக் கொள்கின்றன. பைத்தான் மொழியின் இயல்பான `re` தொகுதி சொல்லெழுத்துகளைப் பிரித்தெடுக்கும்போது பின்வருமாறு நிகழ்கிறது.

```
>>> re.findall(r"\w+", "தமிழ்")
['தம', 'ழ']
```

இத்தகைய நிரலால் செய்த அடைவு, சொல்லெல்லை இல்லாத இடத்தில் சொல்லை உடைத்துவிடுகிறது. அடைவில் ‘ழ’ போன்ற ஓரெழுத்துப் பதிவுகள் மிகுதியாகத் தோன்றுவதே இதனை அறிவதற்கான அடையாளம். ஆகவே சந்தி பிரிப்பைப் பற்றி எண்ணுமுன் இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

7. பிரிக்கும் முறை: ஒரு சொல்லை முன்வைத்து

பிரிப்பின் முதற்படி, உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் விரித்தல். உரோமன் எழுத்துப்பெயர்ப்பு தற்செயலாகத் தந்த நன்மையை இப்படி வேண்டுமென்றே தமிழெழுத்திலேயே பெறலாம். ‘தமிழிலக்கியம்’ என்பது த் அ ம் இ ழ் இ ல் அ க் க் இ ய் அ ம் என விரியும். இதனுள் ‘தமிழ்’, ‘இலக்கியம்’ இரண்டின் விரிவுகளும் மாற்றமின்றி உள்ளன. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் புணர்ச்சிகள் அனைத்தும் இப்படி ஒன்றினாலேயே வெளிப்படும்.

தோன்றலும் திரிதலும் கெடுதலும் நிகழ்ந்த இடங்களுக்கு இது போதாது. அங்கு நன்னூல் விதிகளைத் தலைகீழாக இயக்கவேண்டும். ‘கடற்கரையோரத்திலிருந்த’ என்னும் உரைநடைச் சொல்லை எடுத்துக்கொள்வோர், அதன் விரிவைப் பின்வருமாறு காண்பர்.

```
க் அ ட் அ ற் க் அ ர் ஐ ய் ஓ ர் அ த் த் இ ல் இ ர் உ ந் த் அ
```

முதல் எல்லை றகர மெய்க்கும் ககர மெய்க்கும் இடையில் உள்ளது. வல்லினம் வருங்கால் றகரமெய்யாகத் திரியக்கூடியவை லகரமும் னகரமும். எனவே ‘கடல்’, ‘கடன்’ என இரு நிலைமொழிகள் கிடைக்கின்றன. இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே. இலக்கணம் இரண்டையும் ஏற்கும். ‘கடல்’ என்பதே பொருந்தும் என்பதை முடிவுசெய்வது பொருளறிவு.

இரண்டாம் எல்லை, ‘கரை’ என்பதன் ஐகாரத்திற்கும் ஓகாரத்திற்கும் இடையில் நிற்கும் யகரம். இகர ஈகார ஐகாரங்களின் முன் உயிர் வந்தால் யகரம் உடம்படுமெய்யாகும் என்பது விதி. அதனை நீக்கினால் ‘கரை’, ‘ஓர’ என்பவை வெளிப்படும். மூன்றாம் எல்லையில் ‘ஓரம்’ என்பதன் மகரம் கெட்டு, அத்துச் சாரியையும் ‘இல்’ உருபும் சேர்ந்துள்ளன. நான்காம் எல்லையில் லகரமெய்யோடு இகரம் ஒன்றியது. முதற்படியிலேயே அது வெளிப்பட்டுவிட்டது. முடிவில் கடல், கரை, ஓரம், இருந்த என்னும் நான்கு சொற்கள் அடைவுக்குக் கிடைக்கின்றன. பிரிக்காத வடிவில் எழுத்துத்தொடர் தேடலுக்கு அகப்படுவது இந்நான்கனுள் ‘கரை’ ஒன்றே.

ஒவ்வொரு எழுத்திடைவெளியிலும் இவ்வாறு தலைகீழ் விதிகளை முயன்று, இருபுறமும் கிடைக்கும் பகுதிகள் அகராதியில் உளவா என்று பார்த்தலே பொதுவான செயல்முறை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி போன்ற பேரகராதி இதற்கு அடிப்படையாகலாம். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் தனிப்பட்டியலாகச் சேர்க்கப்படாவிடின், அவை அடங்கிய தொகைகள் பிரியாமலே நின்றுவிடும்.

8. மிகைப் பிரிப்பும் அதன் அடையாளங்களும்

பேரகராதியைத் துணைக்கொள்வதால் ஒரு தீங்கும் உண்டு. அதில் ஓரெழுத்து ஒருமொழிகளும் அருஞ்சொற்களும் நிறைந்துள்ளன. ‘தாமரை’ என்பது ‘தா’, ‘மரை’ என இரண்டாகும். மரை ஒருவகை மான். விதிப்படி இதில் பிழையில்லை. ஆனால் மரை என்னும் விலங்கைப் பற்றிய குறிப்புகளை நாடும் ஆய்வாளருக்குத் தாமரை வரும் இடங்கள் அனைத்தும் வந்து குவியும். பிரியாமையால் சான்று மறைவது ஒரு குறை. மிகையாகப் பிரித்தலால் சான்று குப்பையில் புதைவது மற்றொரு குறை.

முழுவடிவமே அகராதியில் தலைச்சொல்லாக இருப்பின் அதனைப் பிரிக்கலாகாது என்ற விதி, தாமரையைக் காக்கும். ஆனால் அதுவும் முற்றான தீர்வன்று. ‘வேங்கை’ என்பது மரத்தையும் விலங்கையும் குறிக்கும் தலைச்சொல். ‘வேகின்ற கை’ என்ற பொருளில் வேம், கை எனப் பிரிந்தும் நிற்கும். ‘கடற்கரை’ என்பதும் தலைச்சொல்லாக இருப்பதால், இவ்விதியின்படி அது பிரியாமல் நின்று, ‘கடல்’ தேடுவோருக்கு மீண்டும் மறைந்துவிடும்.

இரு பிரிப்பும் இயல்பான சொற்களையே தரும் இடங்கள் மிகக் கடினமானவை. ‘தமிழிலக்கணம்’ என்பது தமிழ், இலக்கணம் எனவும் பிரியும்; தமிழில், அக்கணம் எனவும் பிரியும். நூல் தலைப்பில் முன்னதே பொருந்தும். ஒரு கதையின் நடுவில் பின்னது அரிதாக வரலாம். தனிச்சொல்லை மட்டும் நோக்கும் நிரலுக்கு இதனை முடிவுசெய்ய வழியில்லை. அடுத்துவரும் சொற்களையும் நோக்கவேண்டும்.

இந்நிலையில் அடைவு செய்வோர் கைக்கொள்ளத்தக்க முறை, ஒரு பிரிப்பைத் தெரிந்து மற்றவற்றை அழிக்காமல் இருத்தலாகும். மூலவடிவத்தையும் இயலும் பிரிப்புகளையும் ஒரே இடக்குறிப்பின்கீழ்ப் பதிவுசெய்து, மூலவடிவத்தின் பொருத்தத்தை முதலிலும் பிரிப்பால் கிடைத்த பொருத்தத்தைப் பின்னும் காட்டலாம். அட்டை அடைவில் உழைப்பு மிகுதி பற்றித் தயங்கப்பட்ட மூன்றட்டை முறையே இது. கணினியில் அதற்குச் செலவு சிறிது.

பிரிப்பின் தரத்தை அறிய இருபுறச் சோதனை வேண்டும். புலவர் ஒருவர் கையால் பிரித்த சில பக்கங்களை அளவுகோலாக வைத்து, அப்பக்கங்களில் உள்ள சொற்களுள் அடைவு தவறவிட்டவை எத்தனை, அடைவு இல்லாததைக் காட்டியவை எத்தனை எனத் தனித்தனியே எண்ணவேண்டும். முன்னது மிகுதியாயின் விதியோ அகராதியோ போதவில்லை. பின்னது மிகுதியாயின் குறுஞ்சொற்கள் கட்டுப்பாடின்றி அனுமதிக்கப்பட்டுள்ளன. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கூறினால் குறை எப்பக்கம் உள்ளது என்பது தெரியாது. அளவுகோற் பக்கங்களைச் செய்யுளிலிருந்தும், நெருக்கமாகப் புணர்த்த பழைய உரைநடையிலிருந்தும், இக்கால உரைநடையிலிருந்தும் தனித்தனியே எடுத்தல் நன்று. ஒன்றில் நன்கு இயங்கும் விதித்தொகுதி மற்றொன்றில் தவறக்கூடும்.

9. முடிவுரை

ஓலைக்காலத்தில் சொல்லெல்லை படிப்பவரின் அறிவில் இருந்தது. அச்சுக்காலத்தில் பதிப்பாசிரியர் அதனை இடைவெளியாக்கினார். அவ்விடைவெளி சிலபோது சீரையும் சிலபோது சொல்லையும் குறித்தது. அடைவுக்காலத்தில் தொகுப்பாளர் எந்த அளவுக்குப் பிரிப்பது என்று முடிவுசெய்தார். கணினிக்காலத்தில் அம்முடிவு நிரலுக்குள் சென்று கண்ணுக்குத் தெரியாததாயிற்று. சிக்கல் பழையது, அதற்கு விடைகூறியவர் யார் என்பது மட்டும் ஒவ்வொரு காலத்திலும் மறைவாகிக்கொண்டே வந்துள்ளது.

ஆகவே அடைவை வெளியிடுவோர் மூன்று செய்திகளை முகப்பிலேயே கூறுதல் இன்றியமையாதது: அடிப்படையாகக் கொண்ட பதிப்பு சீர்பிரித்ததா சொற்பிரித்ததா என்பது, உருபும் சாரியையும் பிரிக்கப்பட்டனவா என்பது, பிரிக்காத மூலவடிவமும் தேடத்தக்கதாக உள்ளதா என்பது. அடைவைப் பயன்படுத்துவோரும் ‘இச்சொல் இந்நூலில் இல்லை’ என்று எழுதுமுன், அச்சொல் வருமொழியாக நின்றால் பெறக்கூடிய வடிவங்களையும் நிலைமொழியாக நின்றால் திரியக்கூடிய வடிவங்களையும் தேடிப்பார்த்திருக்க வேண்டும். ‘கடல்’ என்று தேடியவர் ‘கடற்’, ‘கடலி’, ‘கடலோ’ என்பவற்றையும் தேடவில்லையெனில், அவர் கண்டது சொல்லின் இன்மை அன்று. புள்ளியோடு நின்ற ஒரு வடிவத்தின் இன்மை மட்டுமே.